கடைசிச் சொட்டுப் பெட்ரோல்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் வந்தால் நம் விடுதி முற்றத்தில் கோணியும் சணலும் புழங்கத் தொடங்கிவிடும். படிப்பை முடித்து வேலை கிடைத்துப் பெங்களூருக்கோ புனேவுக்கோ புறப்படும் அன்பர்கள் தங்கள் மோட்டார் சைக்கிளை ரயிலேற்ற ஆயத்தம் செய்வார்கள். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கண்ணாடியைக் கழற்று என்பார் ஒருவர். கைப்பிடிப் பூட்டைத் திறந்து வை என்பார் இன்னொருவர். இரண்டும் சரியே. ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றை எல்லாரும் "அது பத்து நிமிஷ வேலை" என்று தள்ளிவிடுகிறார்கள். டாங்க்கிலிருந்து பெட்ரோலை இறக்குவதைத்தான் சொல்கிறேன்.

அண்மையில் பெங்களூருக்குப் புறப்பட்ட அண்ணாச்சிக்கு நான் உதவியாக இருந்தேன். அவர் திருநெல்வேலிக்காரர், எனக்கு மூத்தவர். அவருடையது 10 லிட்டர் டாங்க் கொண்ட பழைய கார்புரேட்டர் வண்டி. பெட்ரோலை இறக்க உட்கார்ந்ததுமே எங்களுக்குள் வழக்கு எழுந்துவிட்டது.

"ஏலே, அரை லிட்டர் கெடக்கட்டும். அங்க எறங்குனதும் பங்க்கு வரைக்கும் தள்ளிக்கிட்டா போவ முடியும்?" என்றார்.

"அண்ணாச்சி, அரை லிட்டர் இல்லை, அரைக் கரண்டிகூட இருக்கக் கூடாது" என்றேன்.

"ரசாயனம் படிச்சவன் பேச்சு!" என்று சிரித்தார். நானும் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கு இதுதான்.

எரிவது திரவமாகிய பெட்ரோல் அன்று. காற்றோடு கலந்த அதன் ஆவியே எரிகிறது. அதுவும் எல்லா அளவிலும் எரியாது. காற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு 1.4 பங்கிலிருந்து 7.6 பங்கு வரை ஆவி இருந்தால்தான் தீப்பிடிக்கும். அதற்குக் குறைந்தால் ஆவி போதாது. மிகுந்தால் காற்று போதாது. ஒரு மில்லி பெட்ரோல் முழுதும் ஆவியானால் சுமார் 200 மில்லி இடத்தை நிரப்பும். ஆகவே 10 லிட்டர் டாங்க்கில் ஒரு மில்லிக்கும் குறைவான பெட்ரோல் எஞ்சினாலே உள்ளிருக்கும் காற்று எரியத்தக்கதாகிவிடும். நாலு மில்லிக்கு மேற்போனால்தான் உள்ளே எரியாத அளவுக்கு ஆவி மிகும். காலி டாங்க்கை நிறைந்த டாங்க்கைவிட ஆபத்தானது என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

"அப்ப அரை லிட்டர் இருந்தா நல்லதுன்னுல்லா ஆவுது?" என்று மடக்கினார் அண்ணாச்சி. நல்ல கேள்வி. டாங்க்குக்குள் மட்டும் அது நிற்குமானால் அவர் சொல்வது சரி. ஆனால் சாமான் வண்டியில் மோட்டார் சைக்கிள் நாம் நிறுத்தியபடியே நிற்பதில்லை. மூட்டைகளுக்கிடையே சாய்ப்பார்கள், சில வேளை படுக்கவும் வைப்பார்கள். சாய்ந்தால் மூடியிலுள்ள காற்றுத் துளை வழியாகவும், கார்புரேட்டரின் வழிவுக் குழாய் வழியாகவும் பெட்ரோல் கசியும். அரை லிட்டர் வெளியே வந்தால் 100 லிட்டர் ஆவி. அது 7 கன மீட்டர் காற்றை எரியத்தக்கதாக்க வல்லது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஆகையால் மேலே போய்க் கலையாமல் தரையோடு தரையாகப் படரும். கோடையில் இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடுகிற இரும்புப் பெட்டி அது. அதே ரயிலில் ஆயிரம் பேர் பிள்ளைகுட்டிகளோடு தூங்கிக்கொண்டு போகிறார்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் அபாயகரமான பொருளை முறைகேடாக ஒப்படைப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று வைத்திருப்பது இதனால்தான்.

அண்ணாச்சி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிலே, எறக்கு" என்றார்.

இறக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இடம் திறந்த வெளியாக, நிழலாக இருக்க வேண்டும். அருகே பீடி சிகரெட் கூடாது. முதலில் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, அதிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை உருவி, அதன் முனையை ஓர் உலோகக் கலத்தில் வைத்து, காக்கை 'ரிசர்வ்' பக்கம் திருப்பினால் பெட்ரோல் தானே இறங்கும்.

ஓட்டம் நின்றதும் பலர் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். முடியவில்லை. டாங்க் சட்டத்தின் முதுகில் குதிரைச் சேணம்போல இருபுறமும் தொங்குகிறது. காக் இருப்பது ஒரு பக்கம். மறுபக்கத் தொங்கலில் பெட்ரோல் தேங்கியே கிடக்கும். வண்டியைக் காக் உள்ள பக்கமாக நன்றாகச் சாய்த்தால் அது முதுகைத் தாண்டி இந்தப் பக்கம் வரும். நாங்கள் சாய்த்தபோது மேலும் ஒரு தம்ளர் வந்தது. அடுத்தது கார்புரேட்டரின் அடியிலுள்ள மிதவைக் கிண்ணம். அதன் கீழே ஒரு சிறு திருகு உண்டு. அதைத் தளர்த்தினால் ஓரிரு சங்களவு பெட்ரோல் வடியும். வடிந்ததும் மறவாமல் திருகை இறுக்கிவிட வேண்டும்.

பிறகு டாங்க் மூடியைத் திறந்துபோட்டு நாலு மணி நேரம் நிழலில் காற்றாட விட்டோம். சோதனை எளியது. மூடியை மூடி ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து முகர வேண்டும். நெடி முன்போலக் குப்பென்று திரும்பி வந்தால் எங்கோ இன்னும் திரவம் ஒளிந்திருக்கிறது என்று பொருள். எங்களுக்கு முதல் முறை வந்தது. மறுபடி சாய்த்து ஆற்றினோம். இரண்டாம் முறை மங்கிய வாசனைதான் இருந்தது.

2020 ஏப்ரலுக்குப் பின் விற்ற புது வண்டிகளுக்கு இம்முறை ஒத்துவராது. அவற்றில் பெரும்பாலும் காக் இல்லை. டாங்க்குக்குள்ளேயே பம்பு உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் தீரும்வரை ஓட்டிக் காலி செய்யலாம் என்றும் நினைக்கக் கூடாது. அந்தப் பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். வறண்டு ஓடினால் பம்பு கெடும். வாய் வழியே கைப்பம்புக் குழாய் விட்டு இறைத்து, மிச்சத்தை மெக்கானிக்கைக் கொண்டு எடுப்பதே நல்லது.

ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் எங்களுக்கு முன் ஒருவர் நின்றிருந்தார். அவர் வண்டியைத் தலை முதல் கால் வரை கோணியால் தைத்துக் கொண்டுவந்திருந்தார். குமாஸ்தா வண்டியை இருபுறமும் ஆட்டிக் காது கொடுத்தார். உள்ளே 'களக்' என்றது. அவ்வளவுதான். தையலையெல்லாம் அறுத்து அந்த மனிதர் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அவருடைய ரயில் அதற்குள் போய்விட்டது. நாங்கள் டாங்க் வாய்க்கு நேரே கோணியைத் தைக்காமல் விட்டிருந்தோம். குமாஸ்தா ஆட்டினார், திறந்தார், முகர்ந்தார், தலையசைத்தார். பிறகுதான் அந்த இடத்தையும் தைத்தோம்.

அண்ணாச்சி அதே ரயிலில் டிக்கெட் வைத்திருந்ததால் வண்டியை லக்கேஜாகவே பதிவு செய்தோம். சாவியும் ரசீதும் அவர் பையில். பாட்டரிக் கம்பியை மாட்டத் திருப்புளியும் அதே பையில்.

மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் பேசினார். பங்க்கு வரை இருபது நிமிடம் தள்ளினாராம். பெட்ரோல் போட்டு, காக்கைத் திறந்து, கிண்ணம் நிறைய ஒரு நிமிடம் பொறுத்து, ஆறேழு உதை உதைத்ததும் வண்டி கிளம்பிவிட்டதாம்.

"வேர்த்துக் கொட்டிட்டுலே" என்றார். குறையாகச் சொன்னதாகத் தோன்றவில்லை.