முதலாளிக்கே மெமோ!

'மெமோ' என்றால் நம்ம ஊரில் ஒரே அர்த்தம்தான். லேட்டாக வந்தவனுக்கு ஆபீஸில் நீட்டுகிற காகிதம். அதனால், "கம்பெனி முதலாளிக்கு நான் ஒரு மெமோ எழுதறேன்"னு ஹாஸ்டலில் சொன்னதும் ரூமே சிரித்தது. "டிரெயினிங் போன இடத்துல ஓனருக்கே மெமோவா? மச்சி, சர்ட்டிபிகேட் கிடைச்ச மாதிரிதான்!"

விஷயம் அதில்லை பாஸ். நான் இ.இ.இ. மூன்றாம் வருஷம். கோயம்புத்தூரில் ஒரு கிரைண்டர் கடையில் இன்டர்ன்ஷிப். பின்னால் பட்டறை, முன்னால் ஷோரூம். முப்பது வருஷத்துக்கு மேல் ஓடுகிற குடும்பத் தொழில். பெரியவர் முதலாளி, அவர் வீட்டம்மா கல்லாவில், மகன் டெலிவரியிலும் சர்வீஸிலும். மோட்டார் வைண்டிங் கத்துக்கலாம்னு போனவனை மகன் ஓரங்கட்டினார். "தம்பி, ஃபேஸ்புக்ல விளம்பரம் போடலாம்னு ரெண்டு வருஷமா அப்பாகிட்டச் சொல்றேன். காதுலயே வாங்கமாட்டேங்கறார். நீ படிச்ச பையன், ஒரு பேப்பர்ல எழுதிக் குடு."

பெரியவர் காதில் வாங்காததற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு விளம்பர ஏஜென்சிக்கு மூணு மாசத்துக்கு 18,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். அவர்கள் கலர் கலராக ஒரு ரிப்போர்ட் கொடுத்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் லைக். "அந்த நாலாயிரம் பேர்ல ஒருத்தனாவது கடைக்கு வந்தானான்னு கேட்டனுங்க தம்பி. பதிலே இல்லீங்க." இந்தக் கேள்விக்கு யாராலும் எதிர்க் கேள்வி கேட்க முடியாது. அவர் சந்தேகப்பட்டது இன்டர்நெட்டை இல்லை, கணக்கே காட்டாத செலவை.

அதனால் மெமோவில் ரீச், இம்ப்ரெஷன், என்கேஜ்மென்ட் என்று ஒரு வார்த்தைகூட வரக்கூடாது என்று முடிவு செய்தேன். அவர் நம்புகிற ஒரே புத்தகம் பில் புக். விளம்பரம் வேலை செய்ததா இல்லையா என்பது அதில் தெரிய வேண்டும். ஃபேஸ்புக் காட்டுகிற ஸ்கிரீனில் தெரிந்தால் போதாது.

முதல் கேள்வி, எந்தப் பொருளுக்கு விளம்பரம்? மகனுக்கு ஓட்டல்களுக்குப் போகிற 10 லிட்டர் கிரைண்டர் மேல் ஆசை. ஒன்று விற்றாலே நல்ல காசு. ஆனால் அது மாசத்துக்கு ஒன்றோ ரெண்டோதான் போகும். நாலு வாரத்தில் ஒன்று கூடுதலாக விற்றால் அது விளம்பரத்தால் வந்ததா, தானாக வந்ததா? சொல்லவே முடியாது. எண்ணிப் பார்க்கிற அளவுக்கு விற்கிற பொருள் வேண்டும். அதனால் வீட்டுக்கு வாங்குகிற 2 லிட்டர் டேபிள் டாப், அதுவும் பழைய கிரைண்டரைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குகிற எக்ஸ்சேஞ்ச். பழைய கல் கிரைண்டரை மாடியிலிருந்து இறக்கி எடுத்துப் போக ஆள் வருவார்கள் என்பதுதான் பக்கத்துக் கடைக்காரரின் பலம்.

அடுத்தது, எத்தனை விற்றால் நஷ்டமில்லை? இதற்கு அம்மாவிடம் உட்கார்ந்தேன். விலை 5,200. அதில் கல், டிரம், மோட்டார், கூலி, வரி, டெலிவரி, எக்ஸ்சேஞ்சில் குறைக்கிற தொகை எல்லாம் போனால் கையில் நிற்பது 900. செலவுப் பக்கம், ஒரு நாளைக்கு 200 வீதம் 28 நாளைக்கு 5,600. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 6,608. புது சிம், ரீசார்ஜ் எல்லாம் சேர்த்து 7,000 என்று வைத்துக்கொண்டோம். பில் இருந்தால் அந்த வரியைப் பிறகு கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் செலவாகவே போட்டேன், பெரியவர் பின்னால் கண்டுபிடித்துக் கேட்பதைவிட நாமே சொல்லிவிடுவது மேல். 7,000த்தை 900ஆல் வகுத்தால் எட்டு கிரைண்டர். ஏழு விற்றால் நஷ்டம், எட்டு விற்றால் லாபம். மொத்த மெமோவும் இந்த ஒரு எண்ணில் நிற்கிறது.

ஏன் 28 நாள்? வாரத்தின் எல்லா நாளும் சமமாக நாலு தடவை வரும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒரு பக்கம் ஏறி உட்காராது. மாதத்தையும் யோசித்தோம். ஆடித் தள்ளுபடி, ஆயுத பூஜை, தீபாவளி, சீர்வரிசைக்கு வாங்குகிற கல்யாண சீசன் எல்லாம் வேண்டாம். தானாகவே விற்கிற நாளில் விளம்பரம் போட்டுவிட்டு, "பார்த்தீங்களா"ன்னு காலரைத் தூக்கினால் பெரியவர் ஒரே வார்த்தையில் கவிழ்த்துவிடுவார். பிப்ரவரி கடைசியில் ஆரம்பிப்பதாக எழுதினேன்.

இனி அந்த நாலாயிரம் லைக் கேள்வி. கடைக்கு வந்தவர் விளம்பரம் பார்த்துத்தான் வந்தார் என்று எப்படித் தெரியும்? "எப்படி வந்தீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் "போர்டு பார்த்தேன்" என்பார்கள். அது வெறும் மரியாதைக்குச் சொல்கிற பதில். அதனால் ஒரு புது சிம். அந்த நம்பர் விளம்பரத்தில் மட்டும்தான் இருக்கும். போர்டில், பில்லில், கவரில் எங்கேயும் இருக்காது. விளம்பரத்தைத் தட்டினால் நேராக அந்த நம்பரின் வாட்ஸ்அப் திறக்கும். இலவசமாகக் கிடைக்கிற வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் ஒவ்வொரு உரையாடலுக்கும் 'விலை கேட்டார்', 'கடைக்கு வந்தார்', 'வாங்கினார்' என்று லேபிள் ஒட்டலாம். வாரண்டிக்காக பில்லில் போன் நம்பர் எப்படியும் எழுதுகிறார்கள். சாயங்காலம் பில் புக்கில் இருக்கிற நம்பர் அந்த வாட்ஸ்அப்பில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இதிலும் ரெண்டு ஓட்டை உண்டு. ஒன்று, கை தவறித் தட்டியவர்கள். 'ஹாய்' என்று ஒரு மெசேஜ் வரும், அப்புறம் ஆளே இருக்காது. அதனால், "எந்த ஏரியாங்க? பழைய கிரைண்டர் இருக்குங்களா?" என்ற ரெண்டு கேள்விக்கும் பதில் சொன்னவரை மட்டும்தான் விசாரணை என்று எண்ணுவோம். இன்னொன்று, எப்படியும் வந்திருக்கக்கூடிய பழைய கஸ்டமர். அவர் நம் விளம்பரத்தைப் பார்த்தார் என்பதற்காக அந்த விற்பனை நம்முடையதாகிவிடாது. பழைய வாரண்டி நோட்டில் பெயர் இருந்தால் எட்டில் சேர்க்கக் கூடாது.

அதற்கும் மேலே ஒரு சரிபார்ப்பு. விளம்பரத்தை ஊர் முழுக்கப் போடாமல் சிங்காநல்லூரில் ஒரு புள்ளி வைத்து, சுற்றி 5 கிலோமீட்டருக்கு மட்டும் போடுவது. எதிர்ப்பக்கம் வடவள்ளிப் பகுதியில் ஒன்றும் செய்யாமல் விடுவது. டெலிவரி விலாசம் பில்லில் இருக்கிறதே. முந்தின நாலு வாரத்தோடு ஒப்பிட்டு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறினால், அது சீசன். சிங்காநல்லூர்ப் பக்கம் மட்டும் ஏறினால் விளம்பரம். வழியில் போகிறவர் கண்ணிலும் விளம்பரம் படும் என்பதால் கோடு கிழித்தாற்போலப் பிரியாது. ஆனாலும் தெரியும்.

கடைசியாக மெமோ ஒரே பக்கம், தமிழில், என் கையெழுத்தில். முடிவு வரிகள் இப்படி: "மொத்தச் செலவு 7,000. விளம்பரப் பணத்தை முன்கூட்டிப் போட்டுவிடுவோம், அதற்கு மேல் எடுக்க முடியாது. 28 நாள் கழித்து புதுக் கஸ்டமருக்கு 8 கிரைண்டர் அல்லது அதற்கு மேல் விற்றிருந்தால் தொடரலாம். 4 அல்லது அதற்குக் கீழே என்றால் நிறுத்திவிடலாம், மறுபடி இந்தப் பேச்சு எடுக்கமாட்டோம். 5 முதல் 7 என்றால், ஒரே ஒரு மாற்றத்துடன் இன்னொரு முறை. இடையில் யாரும் முடிவெடுக்கக் கூடாது."

பெரியவர் ரெண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நாலுக்குக் கீழன்னா நீங்களே நிறுத்திக்குவீங்ளா?" "ஆமாங்கய்யா." "இவனும் வாயைத் திறக்கக்கூடாது?" மகன் தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார். அவரை அசைத்தது விற்பனை வாக்குறுதி இல்லை, நிறுத்துகிற வரிதான் என்று நினைக்கிறேன்.

நடுவில் வந்த சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மூணு நாளில் உருப்படியான விசாரணை ஒன்றே ஒன்று. மகன் முகம் தொங்கிப்போச்சு. விளம்பரம் யாரிடம் போகலாம் என்று ஃபேஸ்புக் ஆரம்பத்தில் தடவித்தான் பார்க்கும், அப்போது செலவு தாறுமாறாகத்தான் இருக்கும். 'இடையில் முடிவெடுக்கக் கூடாது' என்ற வரி அன்றைக்குக் காப்பாற்றியது. ராத்திரி வந்த மெசேஜுக்குக் காலையில் பத்து மணிக்குப் பதில் போட்டால், பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதும் தெரிந்தது. அப்புறம் அம்மாவே ராத்திரி ஒன்பதரை வரை சீரியலுக்கு நடுவே பதில் போட ஆரம்பித்தார்.

28ஆம் நாள் நோட்டை விரித்தோம். வாட்ஸ்அப்பில் வந்தவர்கள் 63. ரெண்டு கேள்விக்கும் பதில் சொன்னவர்கள் 35. கடைக்கு வந்தவர்கள் 14. வாங்கியவர்கள் 9. அதில் ரெண்டு பேர் பெயர் வாரண்டி நோட்டில் இருந்தது. மீதி ஏழு!

எட்டு இல்லை, ஏழு. ஏழு தொள்ளாயிரம் 6,300. கணக்குப்படி 700 ரூபாய் நஷ்டம். சிங்காநல்லூர்ப் பக்கம் டேபிள் டாப் விற்பனை முந்தின நாலு வாரத்தில் 10, இப்போது 16. வடவள்ளிப் பக்கம் 9, இப்போது 10. சின்ன எண்கள்தான், ஒன்று ரெண்டு முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் ஏறியது ஒரு பக்கம்தான்.

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. பெரியவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆறு பேரு கல் கொத்த வந்திருக்காங்களே, அதைச் சேர்க்கலீங்களா?" என்றார். தேய்ந்துபோன கல்லைக் கொத்தித் தரச் சொல்லி, அந்த நம்பர் வழியாக வந்தவர்கள். ஒரு வேலைக்கு 250 நிற்கும். ஆறுக்கு 1,500. சேர்த்தால் நஷ்டம் போய் 800 ரூபாய் லாபம். மகனுக்குக் கண் விரிந்தது. எனக்கும் ஆசைதான். இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டில் 'வெற்றி' என்று எழுதிவிடலாமே!

"மெமோவுல கிரைண்டர்னுதானுங்கய்யா எழுதியிருக்கு. முடிஞ்ச பிறகு சேர்த்தா, அந்த ஏஜென்சி லைக்கைக் காட்டின மாதிரிதான் ஆகும்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி. அப்ப அந்த ஒரு மாற்றம் இதுதானுங்க" என்று சொல்லி, பேனாவை வாங்கி, மெமோவின் அடியில் அவரே எழுதினார்: 'அடுத்த 28 நாள், விளம்பரத்தில் கல் கொத்துவதும் சேர்த்து. கொத்துக்கு 250, தனி நோட்டு.'

என் டிரெயினிங் முடிந்து கிளம்புகிற அன்றைக்கு மகன் ஒரு ஐடியாவோடு வந்தார். அந்தப் புது நம்பரைப் பில் புக்கிலும் பையிலும் அச்சடித்துவிடலாம், எல்லோருக்கும் வசதி. பெரியவர் பட்டறையிலிருந்தே சத்தம் போட்டார். "போடாதடா! அந்த நம்பரை எங்கியும் குடுக்காதே. கலந்துட்டா, எவன் எங்கிருந்து வந்தான்னு அப்புறம் யாருக்குத் தெரியும்?"