டெமோ கிளாஸ் பார்த்து நான் சொன்ன "சரி"



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை ஆன்லைன் டியூஷனில் சேர்க்கலாமா என்று கேட்டு மாதம் இரண்டு பேராவது எனக்குப் போன் செய்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். தவறு என்னுடையதும்தான்.

கோவில்பட்டியில் இருக்கும் என் தங்கை மகளை உங்களில் பலருக்குத் தெரியும். அவள் கணவர் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறார். பையன் ஒன்பதாம் வகுப்பு, ஸ்டேட் போர்டு, ஆங்கில வழி. கணக்கில் தடுமாறுகிறான். போன வருஷம் மே கடைசியில் ஒரு ஆன்லைன் கோச்சிங் நிறுவனத்திலிருந்து ஆள் பேசியிருக்கிறார். இலவச டெமோ கிளாஸ் உண்டு என்றதும் அவள் என்னைக் கூப்பிட்டாள். "மாமா, நீங்க முப்பத்தி நாலு வருஷம் கணக்கு நடத்தினவங்க. நீங்க பாத்து சரின்னு சொன்னா சேத்துடறேன்."

பார்த்தேன். பித்தாகரஸ் தேற்றம். பையன் ஒருவனுக்காகவே ஓர் இளைஞர் நாற்பது நிமிடம் நடத்தினார். படங்கள் திரையில் நகர்ந்து பொருந்தின. பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். நான் கரும்பலகையில் சாக்பீஸால் போட்டதைவிட நன்றாகவே இருந்தது. "சரிம்மா, சேத்துடு" என்றேன்.

இரண்டு வருஷத்துக்கு 60,000 ரூபாய். மொத்தமாகக் கட்ட வேண்டாம், மாதம் 2,500 போதும், வட்டி கிடையாது, பிடிக்கவில்லை என்றால் 15 நாளில் பணம் வாபஸ் என்றார்கள். ஆதார், பான் எண் கேட்டார்கள். ஓ.டி.பி. வந்தது, சொன்னாள். முடிந்தது.

ஜூன் 4ஆம் தேதி லாகின் வந்தது. வகுப்பு தொடங்கியது 13ஆம் தேதி. டெமோ எடுத்த இளைஞர் அதில் இல்லை. வேறொருவர், அதுவும் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சேர்த்து நடத்தினார். பையன் மைக்கில் பேச முடியாது, சாட்டில் டைப் செய்யலாம். மூன்றாவது வகுப்பில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். `(x+3)²` என்ன என்று கேட்டார் ஆசிரியர். நம் பையன் `x²+9` என்று போட்டான். இன்னும் பலரும் அதையே போட்டிருந்தார்கள். ஆசிரியர் `x²+6x+9` என்று எழுதிவிட்டு, "எக்ஸலன்ட், நெக்ஸ்ட்" என்று போய்விட்டார். நடுவில் வரும் `6x` எங்கிருந்து வந்தது என்று பையனுக்கு அன்றும் தெரியவில்லை. என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், அந்த ஒரு தவறுக்காக நான் சதுரம் வரைந்து நான்கு துண்டாகப் பிரித்து ஒரு பீரியட் முழுவதும் செலவழிப்பேன்.

16ஆம் தேதி அவள் அந்த விற்பனை ஆளைப் போனில் பிடித்து, வேண்டாம் என்றாள். "மேடம், வேற பேட்ச் மாத்தித் தர்றேன், ரெண்டு மூணு நாள் வெயிட் பண்ணுங்க" என்றார். 20ஆம் தேதி கேட்டால், 15 நாள் முடிந்துவிட்டது என்று பதில். அந்த 15 நாளை முதல் வகுப்பிலிருந்து எண்ணவில்லை, லாகின் கொடுத்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். போனில் சொன்னது கணக்கில்லை, பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டுமாம். எல்லாம் நிபந்தனைப் பக்கத்தில் இருந்தது. அவளும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

பெரிய அதிர்ச்சி அடுத்தது. மாதம் 2,500 என்பது டியூஷன் ஃபீஸ் இல்லை, கடன் தவணை. ஒரு நிதி நிறுவனம் அவள் கணவர் பெயரில் கடன் கொடுத்து, முழுத் தொகையையும் கோச்சிங் நிறுவனத்துக்கு அப்போதே அனுப்பிவிட்டது. வகுப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. வங்கியில் சொல்லித் தவணையை நிறுத்தினால் அபராதமும் உண்டு, சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருந்த மனிதர் அவர்.

16ஆம் தேதி போன் பேசிய கையோடு அவள் வாட்ஸ்அப்பிலும் "கேன்சல் பண்ணிடுங்க" என்று அனுப்பியிருந்தாள். அதுதான் காப்பாற்றியது. அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு மின்னஞ்சல் எழுதினோம். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். அதன் பிறகுதான் பேசவே வந்தார்கள். கடைசியில் 42,000 ரூபாயைக் கடன் கணக்கில் திருப்பிச் செலுத்தினார்கள். அதற்குள் இரண்டு தவணை, 5,000 போயிருந்தது. மீதி 13,000ஐ இவர்கள் கட்டிக் கடனை முடித்தார்கள். ஆக, மூன்று வகுப்புக்கு 18,000 ரூபாய். அதில் பாதியை நான் கொடுத்தேன். வேண்டாம் என்றாள், வற்புறுத்திக் கொடுத்தேன்.

இப்போது யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது, டெமோ எடுத்தவர்தான் தினமும் எடுப்பாரா என்பதை. இல்லையென்றால் எடுக்கப்போகிறவரின் பெயர், படிப்பு, நம் பாடத்திட்டத்தில் அந்த வகுப்புக்கு எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறார் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பது அவர் நன்றாகப் படித்தார் என்பதற்குச் சான்று. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்பதற்கு அது சான்றாகாது. வகுப்பெடுப்பவர் ஒருவர், சந்தேகம் தீர்ப்பவர் வேறொருவர் என்பதும் பல இடங்களில் உண்டு. அந்த இரண்டாமவர் யார் என்றும் கேளுங்கள்.

டெமோவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடந்துகொண்டிருக்கும் சாதாரண வகுப்பு ஒன்றில் பிள்ளையை உட்கார வைக்கச் சொல்லுங்கள். பாடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள், பிள்ளைக்கு வராத பாடமாக இருக்கட்டும். அவன் தப்பாக விடை சொல்லும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நான் டெமோவில் நடத்துகிறவரைப் பார்த்தேனே தவிர, அன்று பையன் தப்பு செய்ய இடமே கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

பணம் கட்டுமுன், வாபஸ் நாள் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது, எந்த வழியில் சொல்ல வேண்டும், என்னென்ன கழிப்பார்கள் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். "மாதத் தவணை" என்றால், கடன் கொடுப்பது யார் என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கையெழுத்துக்கு முன்பே கடனின் முக்கிய விவரங்களைச் சொல்லும் தாள் ஒன்று உங்களுக்கு வர வேண்டும். அப்படி ஒரு தாள் வந்தால், நீங்கள் ஃபீஸ் கட்டவில்லை, கடன் வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். எஜுடெக் நிறுவனங்களுக்குத் தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும் அனுமதியைத் தர வேண்டாம் என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோருக்கு அறிவுறுத்தியிருக்கிறது. முடிந்தால் மாதா மாதம் கட்டி, பிடிக்காத மாதம் நிறுத்திக்கொள்கிற இடமாகப் பாருங்கள்.

பையன் இப்போது பத்தாம் வகுப்பு. சனி, ஞாயிறு மாலை வீடியோ காலில் என்னிடம் படிக்கிறான். முதல் நாள் சதுரம் வரைந்து `6x` எங்கே இருக்கிறது என்று காட்டினேன். "இவ்ளோதானா தாத்தா" என்றான்.

சேருமுன் நிபந்தனைப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்துச் சொல்கிறேன். இந்த முறை டெமோ பார்த்துச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்