பெரியத்தையின் முறுக்கு

திருவையாற்றில் என் மகனுக்குக் காதுகுத்து. ரெண்டரை வயசு; இன்னும் ஒரு சொல் வரவில்லை. பந்தி முடிந்ததும் பெரியத்தை ஆரம்பித்தார்: "வசம்பு உரசித் தடவுன்னேன், கேட்டியா? நீ வேலைக்கு ஓடிடுற. புள்ள யாருகிட்ட பேசும்?"

அதற்கு முன்பே தஞ்சாவூரில் அவனைத் தூங்கவைத்து பெரா பரிசோதனை எடுத்திருந்தோம். செவியில் குறையில்லை, ஆட்டிசம் என்றார்கள். சொன்னேன். "காது நல்லாத்தான இருக்கு? அப்ப வளர்ப்புதான்" என்றார். நல்ல சேதியும் என் மேலேயே திரும்பியது.

இந்தப் பழி நம் ஊரோடு நிற்பதல்ல. 1940களில் அமெரிக்காவில் லியோ கான்னர் என்ற மருத்துவரே பெற்றோரின் பாசக்குறைவைப் பற்றி எழுதினார். அப்படியொரு பிள்ளைக்குத் தகப்பனான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், காரணம் வளர்ப்பல்ல, உடலியல் என்று 1964இல் புத்தகமே எழுதி வாதிட்டார். அத்தையிடம் ரிம்லாண்ட் எடுபடமாட்டார். ஒரு வேலை கொடுத்தேன்.

"முறுக்க உடனே குடுக்காதீங்க அத்தை. உங்க முகத்துக்கு நேரா புடிச்சுட்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. உங்களப் பாத்தாலும், கைய நீட்டினாலும், 'ம்'னாலும் குடுத்துடுங்க. பேசு பேசுன்னு மட்டும் கேக்காதீங்க."

மூன்று எண்ணுவதற்குள் கொடுத்துவிட்டார். மனசு கேட்கவில்லையாம். மறுநாள் ஏழு வரை எண்ணினார். அவன் முறுக்கைப் பார்த்தான், பிறகு அத்தையின் முகத்தை.

"பாக்குறான்டி" என்றார், மெதுவாக.