சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு

பித்தளைக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. கொழும்பு வீதியால் பிலிமத்தலாவையைக் கடந்தவர்கள், கடை வாசல்களில் மினுங்கும் விளக்குகளையும் தட்டுகளையும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது, ஆனால் அது அழகுக்கு வாங்கியதல்ல. உம்மம்மாவின் காலத்தில் வயிற்றுவலிக்கு ஒத்தணம் கொடுத்த செம்பு. சுடுதண்ணீர் நிரப்பி, பழைய சாரத் துண்டை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, அடிவயிற்றில் வைப்பார்களாம். இப்போது அந்த வேலையை இறப்பர் போத்தல் ஒன்று செய்கிறது.

வயிற்றுவலி என்று நான் எழுதுவது மாதவிடாய் வலியைத்தான். இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் எல்லோருக்கும் தெரிந்த விடயம் என்பதால் சுற்றி வளைக்கவில்லை. தவணைப் பரீட்சைக் காலத்தில் எத்தனை பேர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருக்கிறோம் என்பதும் நமக்குத் தெரியும். "குளிசைய கண்டபடி போட வாணாம் மகள், ஒத்தணம் புடிச்சா சரியாகும்" என்று உம்மா சொல்வார். சரியாகிறதா, அல்லது சூடு சுகமாக இருப்பதால் சரியானதுபோல் தெரிகிறதா? உயிரியல் படிக்கும் எனக்கு அந்தக் கேள்வி விடவில்லை.

வலி எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கருப்பையின் உட்படை கழரும்போது புரொஸ்டகிளான்டின் என்னும் பதார்த்தம் வெளிவிடப்படுகிறது. அது கருப்பைத் தசையை இறுகச் சுருங்க வைக்கிறது. தசை இறுகும்போது அதற்குச் செல்லும் குருதி குறைகிறது, ஒட்சிசன் குறைகிறது, வலிக்கிறது. இபுபுரோபன், மெஃபெனமிக் அமிலம் போன்ற குளிசைகள் புரொஸ்டகிளான்டின் உண்டாவதையே குறைக்கின்றன. ஆகவே அவை வேலை செய்வதில் ஆச்சரியம் இல்லை. தோலின் மேல் வைக்கும் சூடு என்ன செய்துவிடப் போகிறது என்பதுதான் கேள்வி.

2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேராகச் சோதித்தது. மாதவிடாய் வலி உள்ள பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சூடான ஒட்டுத்தாளும் இபுபுரோபனும். இன்னொன்றுக்குச் சூடான தாளும் மருந்தில்லாத வெறும் குளிசையும். மூன்றாவதற்குச் சூடில்லாத தாளும் இபுபுரோபனும். கடைசிக் குழுவுக்குச் சூடும் இல்லை, மருந்தும் இல்லை. இபுபுரோபன் 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தடவை. தாளை நாளுக்கு 12 மணித்தியாலம், இரண்டு நாட்கள் அடிவயிற்றில் ஒட்டியிருந்தார்கள். 81 பேர் முடிக்கும் வரை இருந்தார்கள்.

சூடு மட்டும் பெற்றவர்களுக்கும் இபுபுரோபன் மட்டும் பெற்றவர்களுக்கும் கிடைத்த ஆறுதல் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டும், ஒன்றுமே கிடைக்காதவர்களைவிடத் தெளிவாக மேல். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு தணிய ஒன்றரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. குளிசை மட்டும் எடுத்தவர்களுக்கு 2.8 மணித்தியாலம் வரை சென்றது. மூன்று மணித்தியால வினாத்தாள் எழுதப் போகிறவளுக்கு இந்த வித்தியாசம் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் உம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் குளிசையை விழுங்கியவளுக்கு அது வெறும் குளிசை என்று தெரியாது. சூடில்லாத தாளை ஒட்டியவளுக்கோ அது சூடில்லை என்று நன்றாகவே தெரியும். சூட்டை ஒளித்துக் கொடுக்க முடியாது. ஒத்தணம், உருவுதல் எல்லாவற்றையும் ஆராய்பவர்களுக்கு இருக்கும் தீராத தொல்லை இது. எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்று முழுமையாகப் பிரித்தெடுக்க முடிவதில்லை. அதனால் அந்த முடிவை நான் தள்ளிவிடவில்லை. கொஞ்சம் உப்புச் சேர்த்து ஏற்றுக்கொள்கிறேன்.

என்னை நிறுத்தி வைத்தது வேறோர் எண். அந்தத் தாளின் வெப்பநிலை 38.9 பாகை செல்சியஸ். அவ்வளவுதான்! சாதாரணக் காய்ச்சல்காரியின் உடம்புச் சூடு. நாமோ தோல் சிவக்கும் வரை சுட்டால்தான் ஒத்தணம் என்று நினைக்கிறோம். தோலில் உள்ள சூட்டு வலி வாங்கி திறப்பது சுமார் 43 பாகையில். அதைத் தாண்டினால் வயிற்று வலிக்குப் பதிலாக இன்னொரு வலியைத்தான் வாங்குகிறோம். 44 பாகைச் சூடுகூட ஆறு மணித்தியாலம் தொடர்ந்து பட்டால் தோலைச் சுட்டுவிடும். 60 பாகைக்குச் சில செக்கன்களே போதும்.

இங்கேதான் பித்தளைச் செம்பும் இறப்பர் போத்தலும் வேறுபடுகின்றன. பித்தளை நல்ல கடத்தி. உள்ளே உள்ள தண்ணீரின் சூடு அப்படியே வெளியில் இருக்கும். உம்மம்மாவின் நான்கு சுற்றுத் துணிதான் அங்கே உண்மையான மருந்து. இறப்பர் மெதுவாகக் கடத்துவதால், துணி சுற்றாமலே வைக்கலாம் என்று நம்மை ஏமாற்றிவிடும். என் ராத்தாவின் வயிற்றில் வலை விரித்ததுபோல் ஒரு பழுப்புத் தடம் இருக்கிறது. கொப்புளமோ எரிவோ ஒரு நாளும் வந்ததில்லை. மாதாமாதம் ஒரே இடத்தில் அளவுக்கு மீறிய சூடு பட்டதன் தடம் அது. அப்படி ஒரு வலை தெரிய ஆரம்பித்தால் சூட்டைக் குறைக்க வேண்டும்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். கேத்தலில் கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து, போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, மேலே உள்ள காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுகிறோம். துவாயைச் சுற்றி முன்னங்கையின் உட்புறத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கிறோம். கையை எடுக்கத் தோன்றினால் இன்னொரு சுற்று. போத்தலின் மேல் குப்புறப் படுப்பதில்லை, அதை வைத்துக்கொண்டு தூங்குவதும் இல்லை. ஆறினால் தண்ணீரை மாற்றுகிறோம். அதிகச் சூட்டைவிட நெடுநேரச் சூடே அந்த ஆய்வில் வேலை செய்தது.

தோலில் பட்ட சூடு உள்ளே உள்ள வலியை எப்படித் தணிக்கிறது? 1965இல் மெல்சாக், வோல் என்ற இருவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடிக்கும். முண்ணாணில் ஒரு படலை இருப்பதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். வலியும் தொடுகையும் அந்தப் படலையால்தான் மூளைக்குப் போக வேண்டும். தொடுகைச் செய்தி தடித்த நரம்புகளில் விரைந்து வந்து வலிக்குப் படலையைச் சாத்திவிடுகிறது. முழங்கால் அடிபட்டால் யாரும் சொல்லாமலே தேய்க்கிறோம் அல்லவா, உருவுதலின் கதையும் அதுதான். சூட்டின் செய்தியும் வலியோடு இப்படிப் போட்டியிடுகிறது என்கிறார்கள். பிற்காலத்தில் அவர்களுடைய வரைபடத்தின் சில விபரங்கள் திருத்தப்பட்டன, படலை என்ற எண்ணம் நின்றுவிட்டது.

மூளையும் மேலிருந்து படலையைச் சாத்தக் கூடியது. கவனம் வேறிடத்தில் இருக்கும்போது வலி குறைவது அதனால்தான். சியாட்டிலில் தீக்காய நோயாளிகளுக்குக் கட்டு மாற்றும்போது, பனிப்பந்து எறியும் கணினி விளையாட்டைக் கண்களில் மாட்டிவிட்டார்கள், வலி குறைந்தது. "படிப்புல புத்திய வெச்சா வலி தெரியாது" என்று உம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி, கவனத்தைத் திருப்பவே முடியாத வலியும் உண்டு என்பது.

அந்த வலியைத்தான் நம் வீடுகளில் சரியாகக் கேட்பதில்லை. என் சாச்சிக்குப் பல வருடங்கள் வலி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனது. நாட்கள் முடிந்த பிறகும் வலித்தது. "கலியாணம் முடிச்சா சரியாகும்" என்று ஒத்தணம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் எண்டொமெட்ரியோசிஸ் என்றார்கள். கருப்பை உட்படை போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வது அது. போத்தலுக்கு அது கரையாது. இப்போது என் நாட்குறிப்பின் ஓரத்தில் ஒவ்வொரு மாதமும் மூன்று விடயங்களைக் குறித்து வைக்கிறேன்: வலி எத்தனை நாள், சூட்டுக்கோ குளிசைக்கோ அடங்கியதா, எத்தனை நாள் பாடசாலைக்குப் போகவில்லை. வலி கூடிக்கொண்டே போனாலோ, எதற்கும் அடங்காவிட்டாலோ டொக்டரிடம் காட்ட அந்த ஓரம் போதும். வலது கீழ்வயிற்றில் புதிதாக வலித்து, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் குறிப்பெழுதிக் காத்திருக்கக் கூடாது, போத்தலும் வைக்கக் கூடாது. அது குடல்வளரியாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும்.