கடுகண்ணாவையில் பெய்யாத மழை

நான் முன்பு போட்ட ஒரு படத்தைப் பற்றி இன்று சொல்லியே ஆக வேண்டும். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் ஓரமாக நின்று எடுத்த படம். முன்னால் பாதையும் ஒரு மரமும், நடுவில் பள்ளத்தாக்குத் தென்னைகள், தூரத்தில் பத்தலேகல, அதாவது பைபிள் ரொக் என்று நாம் சொல்லும் தட்டையான மலை. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. எங்கள் பாடசாலை ஊடகக் கழகப் பிள்ளைகளுக்கு லேயர் என்றால் என்னவென்று காட்ட ஒரு படம் தேவைப்பட்டது. அதனால் கணினியில் இந்தப் படத்துக்கு மழையும் பனிமூட்டமும் சேர்த்தேன். பிறகு "கடுகண்ணாவை" என்ற ஒரே சொல்லோடு முகநூலிலும் போட்டேன். நிறையப் பேர் லைக் போட்டார்கள். எனக்கும் சந்தோஷம்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் யாரோ அந்தப் படத்தை எடுத்து, "இப்போதைய நிலை, மண்சரிவு அபாயம், யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம்" என்று வட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டார். அன்று எங்கள் மாணவன் ஒருவனின் உம்மாவுக்குக் கண்டியில் கிளினிக். ஓட்டோவில் பாதி வழி போனவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். பாதை திறந்துதான் இருந்தது. அடுத்த கிளினிக் திகதி கிடைக்க ஆறு வாரம் ஆனது. அந்தப் பிள்ளை என்னிடம் கோபிக்கவில்லை. "சேர், அது உங்கட படம்தானே?" என்று மட்டும் கேட்டான்.

அன்றிரவு படத்தைப் பெரிதாக்கி, வேறு யாரோ செய்த படம் போல நினைத்துப் பார்த்தேன். அது பொய் என்பதற்கு மூன்று சாட்சிகள் படத்துக்குள்ளேயே இருந்தன.

முதலாவது சாட்சி மழை. நான் அதைச் செய்த விதம் இதுதான். படத்துக்கு மேலே ஒரு புதிய லேயர் எடுத்து முழுவதும் கறுப்பு ஊற்றினேன். Add Noise கொடுத்துப் புள்ளிகள் தூவினேன். புள்ளிகள் பெரிதாகட்டும் என்று லேயரை மூன்று மடங்கு இழுத்தேன். பிறகு Motion Blur கொடுத்து, கிட்டத்தட்ட நேராக, சற்றே சாய்ந்த கோடுகளாக ஆக்கினேன். கடைசியில் அந்த லேயரின் blend mode-ஐ Screen என்று மாற்றினேன். Screen-இல் கறுப்பு எதையும் மாற்றாது, வெளிச்சம் மட்டும்தான் கீழே உள்ள படத்தோடு சேரும். அதனால் கறுப்பு மறைந்து கோடுகள் மட்டும் மிஞ்சும்.

இந்த இடத்தில் பிள்ளைகள் வழக்கமாக ஒரு பிழை விடுவார்கள். கோடுகளுக்கு இடையில் உள்ளது உண்மையான கறுப்பாக இல்லாமல் கரும் சாம்பலாக இருந்தால், படம் முழுக்க ஒரு சாம்பல் திரை விழும். மரத்தின் நிழல் கறுப்பாக இல்லாமல் வெளிறித் தெரிந்தால் அதுதான் காரணம். மழை லேயரில் Levels-ஐத் திறந்து, கறுப்புப் பக்கத்து முக்கோணத்தை வலப்பக்கம் தள்ளினால் திரை போய்விடும், கோடுகளும் ஐதாகும்.

நான் விட்ட பிழை வேறு. மழைக் கோடுகள் மரத்தின் முன்னால் தெரிந்தன, வெளிறிய வானத்தில் தெரியவில்லை. Screen அப்படித்தான் வேலை செய்யும். ஒரு கோட்டின் வெளிச்சம் 100 என்று வையுங்கள். அது 40 அளவு இருட்டான இலையின் மேல் விழுந்தால் அந்த இடம் ஏறக்குறைய 124 ஆகும். 200 அளவு வெளிச்சமான வானத்தின் மேல் விழுந்தால் 222 தான் ஆகும். முதலாவது கண்ணில் படும், இரண்டாவது படாது. நான் இதைக் குறை என்று நினைத்து, வானத்தில் மட்டும் அதே லேயரை இரண்டு தடவை பிரதி எடுத்துப் போட்டேன். ஆனால் மழை வரும்போது வீட்டு வாசலில் நின்று பாருங்கள். இருண்ட மரத்துக்கு முன்னால்தான் தாரை தெரியும், வானத்தில் தெரியாது. Screen சரியாகத்தான் செய்தது, நான்தான் அதைக் கெடுத்தேன்.

இரண்டாவது சாட்சி பனிமூட்டம். Clouds என்ற ஃபில்டரில் வெண்மேகம் ஒன்று செய்து, அதையும் Screen-இல் போட்டுப் படம் முழுக்கப் பரப்பிவிட்டேன். விளைவு, பக்கத்து மரம் வெளிறியிருந்தது, தூரத்து மலையின் விளிம்போ கத்தி போல் கூர்மையாக இருந்தது. உண்மையில் இது நடக்காது. பனிமூட்டம் என்பது படத்தின் மேல் போர்த்திய துணி அல்ல, நமக்கும் பொருளுக்கும் இடையில் உள்ள காற்று. 100 மீற்றரில் பாதி வெளிச்சம் தடுக்கப்பட்டால் 200 மீற்றரில் கால்பங்குதான் வந்து சேரும், ஒரு கிலோமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பக்கத்து மரத்தையே மறைக்கும் மூட்டத்தில் பல கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பத்தலேகல இருந்த இடமே தெரியக்கூடாது.

திரும்பச் செய்தபோது Screen-ஐ விட்டுவிட்டேன். Screen வெளிச்சத்தைக் கூட்ட மட்டும்தான் செய்யும். மூட்டமோ தூரத்து வெள்ளைச் சுவரையும் மங்கலாக்கித் தன் நிறத்துக்கு இழுத்துவிடும். ஆகவே அடிவானத்துக்குச் சற்று மேலே இருந்த வானத்தின் நிறத்தையே எடுத்து, ஒரு லேயர் முழுக்க ஊற்றி, Normal-இலேயே விட்டேன். பிறகு அதற்கு ஒரு மாஸ்க் போட்டு, தூரத்துக்குத் தக்கதாக நிறத்தைத் தெரியவிட்டேன். மலைக்கு 80 வீதம், தென்னைகளுக்கு 25 வீதம், முன் மரத்துக்கு ஒன்றுமில்லை. மாஸ்க்கின் ஓரம் இலைகளோடு ஒட்டி வெட்டியதாக இருக்க வேண்டும். அது மெத்தென்று இருந்தால் மரத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரியும். அதுவும் ஒரு சாட்சிதான்.

மூன்றாவது சாட்சி பாதை. அவ்வளவு மழையிலும் தார் வெளிறிக் காய்ந்து கிடந்தது. நனைந்த தார் கறுக்கும், வானம் அதில் மினுங்கும். Multiply-இல் ஒரு சாம்பல் லேயர் போட்டுப் பாதையைக் கறுப்பாக்கலாம். மினுக்கத்தை என்னால் நம்பும்படி செய்ய முடியவில்லை. கடைசியில் பாதை இருந்த கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டேன். வெயில் நிழல் விழுந்த படமாக இருந்திருந்தால் அதற்கு எந்த லேயரும் உதவாது.

இப்போது பிள்ளைகளுக்கு இரண்டு படங்களையும் காட்டித்தான் பாடம் தொடங்குகிறேன். முதலில் சாட்சிகளைக் கண்டுபிடிக்கச் சொல்வேன், அதன் பிறகுதான் செய்முறை. ஆனால் திருத்திய படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாகவும் இருக்கிறது. பழையதைக் கவனித்தவர் பிடித்திருக்கலாம், இதை யாராலும் பிடிக்க முடியாது. அதனால் "மழையும் பனிமூட்டமும் கணினியில் சேர்த்தவை" என்று படத்துக்குள்ளேயே, மலைக்கும் தென்னைகளுக்கும் நடுவில் எழுதியிருக்கிறேன். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள், பதிவின் மேல் எழுதினால் படம் தனியாகப் போய்விடும். படத்தின் அழகு கொஞ்சம் குறைகிறதுதான், பரவாயில்லை.

அந்தப் பழைய படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த மழைக்காலத்தில் உங்கள் குழுவுக்கு வந்தால் பாதையைப் பாருங்கள், காய்ந்திருக்கும். "இது சேருடைய படம், அன்று மழையே பெய்யவில்லை" என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.