அமைதியானவள் என்றால் போதுமா?

ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலையொன்றில் என்னோடு படிப்பிக்கும் தோழி, கலியாணப் பேச்சுக்காகத் தன்னைப் பற்றிக் குறிப்பொன்று எழுதிவந்தாள். "ஆசிரியை. அமைதியான சுபாவம். வெளியே அதிகம் போவதில்லை. வார இறுதியில் வீட்டில் இருப்பதே விருப்பம்."

அத்தனையும் உண்மைதான். ஆனால் செய்யாததைத்தான் அது சொல்கிறது. வாசிப்பவருக்குப் பூட்டிய கதவு மட்டுமே தெரியும்.

"சனிக்கிழமை காலையில் என்னடி செய்வாய்?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். சொன்னதையே எழுதவைத்தேன்.

"மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். சனிக்கிழமை பனி விலகும்வரை கொப்பி திருத்துவேன். சிரிப்பு வரும் விடைகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். பிறகு ரொட்டியும் கட்டச்சம்பலும். சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டன் முழுக்கச் சனம். மே மாதம் வெசாக்கோடு அது ஓய்ந்தால் எனக்குக் கொண்டாட்டம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும்?"

இதில் 'அமைதி' என்ற சொல்லே இல்லை, அமைதி தெரிகிறது. அம்மா வந்ததால் வீட்டில் பேச்சும் சிரிப்பும் கேட்கிறது. கடைசிக் கேள்வி, பதில் எழுதுபவருக்குத் தொடங்க ஓர் இடம் தருகிறது.

பயணம் பிடிக்கும் என்றும் சேர்க்கப் பார்த்தாள், நான் விடவில்லை. பிறகு ஏப்ரல் தோறும் நுவரெலியா வசந்த காலத்து நெரிசலுக்குள் இழுத்துப்போவார்களே! பாடசாலையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போடவேண்டாம் என்றேன். ஆளை அறிந்தபின் சொல்லலாம். கணவரை இழந்த சகோதரிகள் அதை ஒரே வரியில் நேராகச் சொல்லிவிட்டு, தங்கள் சனிக்கிழமைக்குப் போகலாம்.

கட்டச்சம்பலை மட்டும் அவள் வெட்டிவிட்டாள். சமையலுக்கு ஆள் தேடுபவர்கள் வந்துவிடுவார்களாம்.