முட்டைக்கோஸ் நோயிலிருந்து வந்த பசை

அக்கா மகளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் கோதுமைக்கும் மைதாவுக்கும் இடமில்லை. அவளுக்காக வாங்கிய குளூட்டன் இல்லாத குக்கி மாவுப் பொட்டலத்தில் பச்சரிசி, உருளைக்கிழங்கு, மரவள்ளி என்று எல்லாம் தெரிந்த பெயர்கள்தான். கடைசியில் ‘ஸாந்தன் கம்’ என்று ஒன்று. இது எந்த மரத்துப் பிசின் என்று தேடப் போனேன்.

மாவுக் கலவையின் தடம் சுலபமாகக் கிடைத்தது. அமெரிக்காவின் பெட் ஹேக்மன், தாமே சீலியாக் நோயாளி, 1990இலிருந்து எழுதிய சமையல் நூல்களால் பரவிய கணக்கு அது: அரிசி மாவு 6 பங்கு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 2, மரவள்ளி ஸ்டார்ச் 1. அரிசி மாவு மட்டும் போட்டால் வாயில் நறநறக்கும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் அதை மிருதுவாக்கும், மரவள்ளி மொறுமொறுப்பைக் கொடுக்கும். ஆனால் மூன்றிலும் பிடிமானம் இல்லை.

பிடிமானம் தரும் அந்தக் கம்முக்கு மரமே கிடையாது. இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில், மிதமிஞ்சி விளைந்த மக்காச்சோளத்தை என்ன செய்யலாம் என்று பார்க்க அமெரிக்க வேளாண் துறை ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தது. பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்க வழி கண்டதும் அங்கேதான். அங்கே அலீன் ஜீன்ஸ் என்ற வேதியியலாளரின் குழு, முட்டைக்கோஸ் இலையில் கறுப்பு அழுகலை உண்டாக்கும் ஸாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கு மக்காச்சோளச் சர்க்கரையைத் தீனியாகப் போட்டது. அது கொழகொழவென்று ஒரு பசையைச் சுரந்தது. அதைப் பிரித்து, உலர்த்திப் பொடித்ததுதான் ஸாந்தன். 1969இல் உணவில் சேர்க்க அமெரிக்கா அனுமதித்தது. நம் ஊர் சாஸ் புட்டிகளில் 415 என்ற எண்ணாக உட்கார்ந்திருப்பதும் இதுவே.

இது குளூட்டனைப் போல வலை பின்னுவதில்லை. நீளமான அதன் மூலக்கூறுகள் மாவிலுள்ள ஈரத்தைப் பிடித்துக் கெட்டியாக்குகின்றன. அந்தக் கெட்டி ஈரத்தில்தான் மாவுத் துகள்கள் ஒட்டி நிற்கின்றன. குக்கிக்கு ஒரு கப் கலவைக்குக் கால் தேக்கரண்டி போதும். இரண்டு கப் எடுத்தால் அரைத் தேக்கரண்டியை உலர்ந்த மாவிலேயே நன்றாகக் கலந்துவிட வேண்டும்; நேரே ஈரத்தில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். வெண்ணெய், சர்க்கரை, முட்டை சேர்த்துப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்தால் அரிசி மாவு ஈரம் குடித்து நறநறப்பு குறையும்.

பசை குறைந்தால் குக்கி அடுப்பில் தட்டையாகப் பரவி, எடுக்கும்போது விரலிடையே பொடியும். கூடினால் பரவாமல் உருண்டையாகவே நின்று, கடித்தால் ரப்பர் மாதிரி இழுபடும். பிசைந்ததைச் சின்னதாய் உருட்டி அழுத்திப் பாருங்கள்: ஓரம் லேசாக வெடித்தால் சரி, பொலபொலவென்று உதிர்ந்தால் பசை போதாது. முட்டை போட்ட மெல்லிய, மொறுமொறு குக்கிக்குப் பல நேரம் கம்மே வேண்டாம், முட்டையே பிடித்துக்கொள்ளும். முட்டை சேர்க்காத வீட்டில்தான் இதற்கு உண்மையான வேலை.